தையற்கடைப் படத்துக்கு வழிகாட்டக் கேட்ட மின்னஞ்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

கையால் வரையும் இருபரிமாண அனிமேஷனில் நீண்ட காலம் வேலை செய்தவர்களுக்கு, முதல் குறும்படம் எடுக்க விரும்புவோரிடமிருந்து வழிகாட்டக் கேட்டு மின்னஞ்சல்கள் வருவது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் வாழ்த்து மட்டுமே எழுத முடிகிறது, ஏனெனில் பதில் சொல்லத்தக்க கேள்வி எதுவும் அவற்றில் இருப்பதில்லை. அப்படித் தொடங்கிய ஒரு கடிதம் எவ்வாறு மாறி ஒரு படத்தில் முடிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். கடிதத்தை எழுதியவரின் இசைவுடன் வெளியிடுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயதிலிருந்தே படம் வரைவேன். அனிமேஷனை நானாகவே கற்றுக்கொண்டு வருகிறேன். என் முதல் குறும்படத்தை எடுக்க ஆசைப்படுகிறேன். அக்காவின் பழைய பள்ளிச் சீருடையைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தரும்படி தையற்காரரிடம் கொண்டுவரும் ஒரு சிறுமியின் கதை. எங்கள் தெருத் தையற்காரர், மிதிப்பதை நிறுத்துவதற்கு முன்பே வலது கையை மேல்சக்கரத்தின் மீது வைத்து எந்திரத்தை நிறுத்திவிடுவார். குதிகால் அதற்குப் பிறகுதான் மிதியில் அமரும். இதைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. கதையையும் பாத்திரங்களின் படங்களையும் இணைத்துள்ளேன். தாங்கள் எனக்கு வழிகாட்டியாக இருந்து இந்தப் படத்தை முடிக்க உதவ வேண்டும். எந்த மென்பொருளில் செய்யலாம் என்றும் சொல்ல வேண்டுகிறேன்."

கடிதத்துடன் 11 பக்கத் திரைக்கதையும், வண்ணம் தீட்டிய பாத்திரப் படங்கள் முப்பதுக்கும் மேலும் இருந்தன. தையற்காரரின் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் ஐந்து மாதிரிகள் வரைந்திருந்தார். கதையை ஷாட் ஷாட்டாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு இல்லை. படம் எத்தனை நிமிடம் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. வழிகாட்டியாக இருப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. கதையைத் திருத்துவது, வரையக் கற்றுக்கொடுப்பது, ஒவ்வொரு ஷாட்டையும் சரிபார்ப்பது, வாரந்தோறும் பேசுவது, விழாக்களுக்கு அனுப்ப உதவுவது என்று அனைத்தும் "வழிகாட்டி" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கும். வேறு படங்களில் முழுநேரம் வேலை செய்யும் ஒருவர் அத்தனைக்கும் ஒப்புக்கொண்டால், இரண்டாம் மாதத்திலேயே அவருடைய பதில்கள் தாமதமாகும், கேட்டவரும் நடுவழியில் நின்றுவிடுவார். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இத்தகைய கடிதங்களுக்கு உடனே சரி என்று எழுதுவதில்லை.

ஆயினும் இந்தக் கடிதத்தை நான் ஒதுக்கிவைக்காததற்கு அந்தக் கையும் குதிகாலும்தான் காரணம். ஓர் எந்திரம் நிற்கும்போது உடலின் எந்தப் பகுதி முதலில் செயல்படுகிறது, எது பின்னால் வருகிறது என்பதை அவர் வரிசையாகப் பார்த்திருக்கிறார். அனிமேட்டருக்கு வேண்டிய பார்வை அது. அழகாக வரைந்த முப்பது பாத்திரப் படங்களைவிட அந்த இரண்டு வாக்கியங்கள் அவரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லின. வழிகாட்டக் கேட்டு எழுதுபவர்கள் இணைப்பில் அனுப்ப வேண்டியது இத்தகைய சான்றைத்தான். நிற்கும் நிலையில் வரைந்த பாத்திரங்கள் ஒருவர் வரைவார் என்பதைக் காட்டும். நான்கு நொடி நீளமுள்ள, வண்ணமற்ற, கரடுமுரடான பென்சில் அசைவு ஒன்றுதான் அவர் அனிமேஷன் செய்யக்கூடியவரா என்பதைக் காட்டும்.

முதல் பதில்

என் பதிலில் இரண்டு கேள்விகளும் ஒரு வரம்பும் இருந்தன. படம் எத்தனை நொடி என்பது முதல் கேள்வி. இரண்டாவது, அசைவுக்காகக் கையால் வரையும் தனிப்படம் ஒன்றைக் கரடு வரைவிலிருந்து கோடு சீராக்கி வண்ணம் தீட்டி முடிக்கக் கடிகாரத்தின்படி எத்தனை நிமிடம் ஆகிறது என்பது. மனக்கணக்காகச் சொல்லாமல், பத்துப் படங்களை உண்மையில் வரைந்து பார்த்து அவற்றின் சராசரியைச் சொல்லும்படி கேட்டேன். வரம்பு என்னவென்றால், படத்தை நான் மூன்று முறை மட்டுமே பார்ப்பேன்: ஸ்டோரிபோர்டுப் படங்களை, ஒவ்வொன்றும் திரையில் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம் வைத்துக் கோத்த வீடியோவான அனிமேட்டிக் முடிந்தபோது, மிகக் கடினமான ஷாட்டின் அசைவைக் கரடு கோட்டில் ஓட்டிப் பார்க்கும் பென்சில் டெஸ்ட் முடிந்தபோது, எல்லா ஷாட்டுகளும் கரடு வரைவில் முடிந்தபோது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குள் பதில் வரும். இடையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக நான் உறுதி தரவில்லை.

இந்த மூன்று இடங்களை நான் தேர்ந்ததற்கு, அனிமேஷனில் ஒரு திருத்தத்தின் விலை கட்டத்துக்குக் கட்டம் ஏறுவதே காரணம். ஸ்டோரிபோர்டில் ஒரு ஷாட்டை நீக்குவது ஒரு தாளை எடுத்துவிடும் வேலை. கரடு வரைவில் அதே திருத்தம் ஒரு மாலையைத் தின்னும். கோடு சீராக்கி வண்ணமும் தீட்டிய பிறகு ஒரு வாரமே போய்விடும், அதனால் அந்தக் கட்டத்தில் சொல்லப்படும் கருத்தைப் பெரும்பாலும் யாரும் நிறைவேற்றுவதில்லை. ஆகவே முடிந்த படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பவருக்கு எந்த அனுபவசாலியாலும் பெரிதாக உதவ முடியாது.

மென்பொருள் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதினேன். அவர் ஏற்கெனவே கிரிட்டாவில் வரைந்துகொண்டிருந்தார். இந்தப் படத்துக்கு அது போதும். ஆனால் கிரிட்டா ஃப்ரேம்களைக் கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு இயங்குவதால், முழுப் படத்தையும் ஒரே கோப்பில் வைத்தால் கணினி திணறும். ஷாட்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, `SH07_rough_v02` என்பதுபோல ஷாட் எண், கட்டம், பதிப்பு மூன்றும் பெயரிலேயே தெரியும்படி வைக்கச் சொன்னேன். இந்தப் பெயரிடும் முறை சிறிய செய்தியாகத் தோன்றினாலும், தொலைவிலிருந்து ஒருவர் கருத்துச் சொல்லும்போது எந்தப் பதிப்பைப் பற்றிச் சொல்கிறார் என்ற குழப்பம் இதனால் மட்டுமே தவிர்க்கப்படுகிறது.

ஐந்து நிமிடமும் 80 நொடியும்

அவருடைய பதில் நேர்மையாக இருந்தது. படம் ஐந்து நிமிடம் வரும் என்று நினைப்பதாகவும், ஒரு தனிப்படத்தை வரைந்து முடிக்க 20 நிமிடம் ஆவதாகவும் எழுதினார். வேலை நாட்களில் இரவு இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரமும் அவரால் ஒதுக்க முடியும். கணக்குப் பிரிவில் இருப்பவர் ஆகையால் மீதியை அவரே போட்டுப் பார்த்திருந்தார். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்தி, அதாவது 'டூஸ்' முறையில் வரைந்தால், நொடிக்கு 12 படங்கள். ஐந்து நிமிடத்துக்கு 3,600 படங்கள். வாரத்துக்கு 18 மணி நேரத்தில் அவரால் முடிவது 54 படங்கள். இடைவிடாமல் அசையும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஒன்றேகால் ஆண்டு தேவைப்படும். அவருடைய திரைக்கதையில் மூன்று பாத்திரங்கள், வசனம், மழை, பள்ளி மைதானம் எல்லாம் இருந்தன.

பாத்திரங்கள் எப்போதும் அசைந்துகொண்டிருப்பதில்லை என்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும் என்பது ஷாட்டுகளைப் பிரித்து எழுதிய பிறகே தெரியும், அந்தப் பிரிப்பு அவரிடம் இல்லை. முதல் படங்கள் பாதியில் நின்றுபோவதற்குக் கதை சரியில்லாததைவிட இந்தக் கணக்கு போடப்படாததே பெரும்பாலும் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதத்தில் ஒருவர் தன்னிடம் 25 நொடி மட்டுமே முடிந்திருப்பதைக் காண்கிறார். அதற்குள் அவருடைய கையும் தேறிவிடுவதால் தொடக்க ஷாட்டுகள் அவருக்கே பிடிக்காமல் போகின்றன. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். குறுகிய படத்தில் இந்தச் சுழற்சிக்கு இடமில்லை, ஏனெனில் கை மாறுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவர் அனுப்பிய இரண்டாவது கடிதம் முற்றிலும் வேறு வகையில் இருந்தது. அதையும் தருகிறேன்.

"ஐயா, படத்தை 80 நொடியாகக் குறைத்துவிட்டேன். ஒரே கடை, இரண்டு பேர், வசனம் இல்லை. மழையையும் பள்ளியையும் நீக்கிவிட்டேன். எந்திரம் ஓடும் மூன்று ஷாட்டுகளையும் ஒரே பக்கவாட்டுக் கோணத்தில் வைத்திருப்பதால் ஒருமுறை வரைந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஷாட் வாரியாக எண்ணிப் பார்த்ததில் 430 படங்கள் வருகின்றன. எனக்கு எட்டு வாரம் ஆகும். அனிமேட்டிக்கின் இணைப்பைக் கீழே தந்துள்ளேன். சீருடை அக்காவுடையது என்பது பார்ப்பவருக்குப் புரிகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் தாங்கள் இப்போது சொன்னால் போதும்."

முதல் கடிதம் இப்படி வந்திருந்தால், அன்றே நான் ஒப்புக்கொண்டிருப்பேன். இதில் நீளம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, தன் உழைப்பைப் பற்றிய கணக்கு இருக்கிறது, தன் ஐயம் எங்கே இருக்கிறது என்பதும் தெளிவாக இருக்கிறது. பெறுபவர் 80 நொடி செலவிட்டுப் பார்த்துவிட்டு, ஒரே பத்தியில் பயனுள்ள பதில் எழுத முடியும். பாராட்டு வரிகள் இதில் ஒன்றுகூட இல்லை என்பதையும் நான் கவனித்தேன். அவற்றின் தேவை எனக்கும் தோன்றவில்லை.

அனிமேட்டிக்கில் தெரிந்தது

அவருடைய ஐயம் சரியானதே. சிறுமி ஒரு சீருடையை மேசையில் வைக்கிறாள், முகம் வாடியிருக்கிறது, தையற்காரர் அளவு எடுக்கிறார். கதையை முன்பே படித்திருந்ததால் எனக்கு அது அக்காவின் உடை என்று தெரியும். அதனாலேயே அது புரிகிறதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கதை தெரியாத இருவரிடம் ஒலியில்லாமல் காட்டி, என்ன நடந்தது என்று அவர்களைச் சொல்லவைத்துக் கேட்கும்படியும், இடையில் எதையும் விளக்காமல் இருக்கும்படியும் எழுதினேன். அவருடைய அலுவலகத் தோழியர் இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பெண் தன் உடையைக் கிழித்துவிட்டாள், அம்மா திட்டுவாளோ என்று பயப்படுகிறாள்.

இதற்குத் தீர்வாக அவர் முதலில் நினைத்தது, வீட்டில் நடக்கும் ஒரு முன்காட்சி. அது பத்து நொடியையும் புதிய பேக்ரவுண்ட் ஒன்றையும் கேட்டது. நான் சொன்னது இரண்டரை நொடி ஷாட் ஒன்று: கடை வாசலில், அதே நிறச் சீருடையைப் புதிதாக அணிந்த, உயரமான பெண் ஒருத்தி நின்றுகொண்டு உள்ளே பார்க்கிறாள். மூன்றாவது பாத்திரம் ஒன்று சேர்கிறதே என்று அவர் தயங்கினார். ஆனால் அவள் நின்றுகொண்டிருப்பவள். அவளுக்கு வேண்டியது உடலுக்கு ஒரு படமும் கண் இமைப்புக்கு மூன்று சிறு படங்களும் மட்டுமே. 430 என்ற எண்ணிக்கை நான்கு கூடியது. இரண்டு சீருடைகளும் ஒரே ஷாட்டில் தெரியும்படி, மேசைமீது மடித்து வைத்த பழைய உடையை முன்னணியில் வைத்தார். ஒன்று வெளுத்தும் ஒன்று பளிச்சென்றும் இருந்ததால், புதிதாகப் பார்த்தவர்கள் உடனே உறவைப் புரிந்துகொண்டார்கள்.

நின்றுபோன சக்கரம்

இரண்டாவது முறை பார்ப்பதற்கு அவர் அனுப்பியது, தையல் எந்திரம் ஓடும் ஷாட்டின் பென்சில் டெஸ்ட். அதனுடன் வந்த குறிப்பில், "வீடியோவாக மாற்றும்போது சக்கரத்தின் லேயர் மட்டும் உறைந்துவிடுகிறது, மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன், கோப்பில் கோளாறா என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது: கால் மிதிக்கிறது, மிதிபலகை ஆடுகிறது, கீழே உள்ள பெரிய சக்கரம் அசையாமல் நிற்கிறது.

ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தபோது கோப்பில் கோளாறு இல்லை என்பது தெரிந்தது. மிதிபலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனை ஒவ்வொரு படத்திலும் இடம் மாறியிருந்தது; ஆரக்கால்கள் மட்டும் அதே இடத்தில் இருந்தன. அவர் சக்கரத்துக்கு ஆறு ஆரக்கால்கள் வரைந்திருந்தார், அதாவது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 பாகை. ஒரு மிதிக்கு அரை நொடி, 12 ஃப்ரேம். 'டூஸ்' முறையில் அது ஆறு படங்கள். முழுச் சுற்றான 360 பாகையை ஆறு படங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு படத்துக்கும் 60 பாகை நகர்வு. எனவே ஒவ்வொரு புதிய படத்திலும் ஓர் ஆரக்கால் சரியாக அடுத்த ஆரக்கால் இருந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. அவர் சக்கரத்தைச் சரியாகச் சுழற்றித்தான் வரைந்திருந்தார். கண்ணுக்கு அந்தச் சுழற்சி தெரிய வழியில்லை.

இந்த இடத்தில் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு படம் வரைவது. அப்படிச் செய்தால் நகர்வு 30 பாகையாகும். ஆனால் அது ஆரக்கால் இடைவெளியில் சரிபாதி என்பதால், சக்கரம் முன்னால் சுற்றுகிறதா பின்னால் சுற்றுகிறதா என்று கண்ணால் முடிவு செய்ய முடியாமல் வெறும் நடுக்கமாகத் தெரியும். உழைப்பு இரட்டிப்பாகியும் பயன் இருக்காது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, ஒரு படத்துக்கான நகர்வு ஆரக்கால் இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு மாற்றங்களைச் சொன்னேன். ஆரக்கால்களை நான்காகக் குறைப்பது. அப்போது இடைவெளி 90 பாகை. மிதியை ஒரு நொடியாக மெதுவாக்குவது. அப்போது ஒரு சுற்றுக்கு 12 படங்கள், நகர்வு 30 பாகை. வயதான தையற்காரர் மெதுவாக மிதிப்பது பாத்திரத்துக்கும் பொருந்தியது.

இந்த மெதுவான வேகம் ஊசிக்கும் உதவியது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, வாரால் இணைக்கப்பட்ட மேலுள்ள சிறிய சக்கரம் நான்கு சுற்றுக்கு அருகில் சுற்றும். அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தையல். பழைய வேகத்தில் ஒரு தையலுக்கு மூன்று ஃப்ரேம்கள்தான் கிடைத்தன, இரண்டு ஃப்ரேம்களுக்கு ஒரு படம் என்ற முறையில் அதைச் சீராகப் பிரிக்க முடியாது. புதிய வேகத்தில் ஆறு ஃப்ரேம்கள், அதாவது மூன்று படங்கள்: ஊசி மேலே, நடுவே, கீழே. நான்கு தையல்கள் சேர்ந்து 12 படங்கள். கால், பெரிய சக்கரம், ஊசி மூன்றும் ஒரே 12 படச் சுழற்சிக்குள் முழுமையாக அடங்கின, அதை எத்தனை நொடி வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம்.

துணியைப் பற்றி ஒன்றைத்தான் சேர்த்துச் சொன்னேன். உண்மையான எந்திரத்தில் ஊசி துணியை விட்டு மேலே வந்திருக்கும்போதுதான் கீழுள்ள பற்கள் துணியை முன்னே தள்ளும்; ஊசி உள்ளே இருக்கும்போது துணி நகராது. அவர் துணியை எல்லாப் படங்களிலும் சமமாக நகர்த்தியிருந்ததால், ஊசி துணியைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. 'ஊசி மேலே' என்ற படத்தில் மட்டும் துணியை நகர்த்தி, மற்ற இரண்டிலும் அப்படியே நிறுத்தியவுடன் அது தைப்பதாகத் தெரியத் தொடங்கியது. இது அவருக்கு ஒரு நொடி நேரத் திருத்தம், ஆனால் எந்திரத்தின் அருகில் போய் உட்கார்ந்து பார்க்காமல் கிடைத்திருக்காது. தெருத் தையற்காரரிடம் போய், மிதியைக் கையால் மெதுவாக நகர்த்தச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தே இதை உறுதி செய்துகொண்டார்.

எந்திரம் நிற்கும் ஷாட்டில் நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. கை மேல்சக்கரத்தைத் தொட்டு இரண்டு படங்களில் சுழற்சி நிற்கிறது, குதிகால் அதற்குப் பின் மூன்று படங்களில் இறங்கி அமர்கிறது. அவர் கடிதத்தில் எழுதியிருந்த வரிசை அப்படியே வந்திருந்தது.

கருத்தை எப்படி அனுப்புவது

இந்தியாவில் இந்தத் தொழில் அருகில் அமர்ந்து கற்கும் தொழிலாகவே வளர்ந்தது. 1956இல் பம்பாயில் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு டிஸ்னி ஸ்டுடியோவில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி தந்தார். பின்னாளில் இந்திய அனிமேஷனின் முன்னோடியாக அறியப்பட்ட ராம் மோகன் அவரிடம் கற்றவர்களில் ஒருவர். ஆசிரியர் அருகில் இருந்தால் தாள்களை விரலிடுக்கில் புரட்டிக் காட்டி, அதன்மேலேயே இன்னொரு தாளை வைத்துத் திருத்தி வரைந்துவிடுவார். மின்னஞ்சலில் அதற்கு ஈடாக இருப்பது மேல்வரைவு. நான் அவர் அனுப்பிய ஷாட்டிலிருந்து மூன்று அல்லது நான்கு ஃப்ரேம்களை மட்டும் எடுத்து, மேலே ஒரு புதிய லேயரில் சிவப்புக் கோட்டில் திருத்தம் வரைந்து, ஃப்ரேம் எண்ணுடன் அனுப்பினேன். இடையில் வரும் படங்களை நான் வரைவதில்லை. அவற்றை வழிகாட்டி வரைந்துவிட்டால் ஷாட் நன்றாக வரும். ஆனால் அடுத்த ஷாட்டில் அதே தவறு திரும்ப வரும், படத்தில் இரண்டு கைகளின் வேறுபாடும் தெரியும்.

ஒருமுறை இந்த ஒழுங்கு தவறியது. அனுப்ப வேண்டிய கட்டத்துக்கு முன்பே, சிறுமி மேசையிலிருந்து வாசல் பக்கம் தலையைத் திருப்பும் ஷாட்டை அவர் கோடு சீராக்கி, வண்ணமும் தீட்டி, மகிழ்ச்சியோடு அனுப்பினார். வண்ணத்தில் பார்க்கும்போது நன்றாகவே இருந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் தலை திரும்பும் நடுவில் சுருங்கி மீண்டும் பெருத்தது. முதல் படத்தின் தலையை நகலெடுத்து நடுப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்; உச்சியிலிருந்து மோவாய் வரை உயரம் குறைந்திருந்தது. இடப்பக்கம் பார்க்கும் முகத்துக்கும் வலப்பக்கம் பார்க்கும் முகத்துக்கும் நேர் நடுவே ஒரு படம் போடும்போது புதியவர்களுக்கு இது எளிதில் நேரும், ஏனெனில் கண்ணும் மூக்கும் நடுவில் கூடும்போது கை தானாகவே முகத்தைச் சிறிதாக்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, தலை ஒரே நேர்கோட்டில் வழுக்கிச் சென்றது. தலை திரும்பும்போது நடுவில் சற்றே தாழ்ந்து மறுபக்கம் எழும். பார்வை முகத்துக்கு இரண்டு மூன்று ஃப்ரேம்கள் முன்னதாகவே போய்விடும். தாழும் இடத்தில் கண் ஒருமுறை இமைத்தால் திரும்புவதற்கு ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றும். இவை அனைத்தையும் நடுப்படம் ஒன்றை மாற்றி வரைவதன் மூலமே கொண்டுவரலாம், ஆனால் நடுப்படம் மாறினால் அதை ஒட்டிய எல்லாப் படங்களும் மாற வேண்டும். அந்த ஷாட்டில் 14 படங்கள் இருந்தன. கரடு வரைவில் அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். வண்ணம் வரை போயிருந்ததால் ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பு வீணாயிற்று. அவர் மனம் வருந்தினாலும் மீண்டும் வரைந்தார். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஷாட் இப்போது அதுதான்.

மூன்றாவது முறை முழுப் படத்தையும் கரடு வரைவில் பார்த்தபோது நான் குறித்த ஆறு திருத்தங்களில் அவர் நான்கை ஏற்றார். அளவு நாடாவின் முனை சிறுமியின் தோளிலிருந்து நழுவும் இடத்தில் கோடு சற்று அதிர்கிறது. அசையாத படத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடம் பிடித்து வரைவதால் அது வருகிறது. ஒரே படத்தை நிறுத்திவைத்தால் போய்விடும். அந்த உயிர்ப்பு தனக்கு வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்டார். படம் அவருடையது என்பதால் நான் அதை வற்புறுத்தவில்லை.

கடைசியில் எதிர்பாராத சிக்கல் ஒலியில் வந்தது. தெருத் தையற்காரரின் எந்திர ஒலியை அவர் கைபேசியில் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். ஆனால் படத்தில் மிதியை ஒரு நொடியாக மெதுவாக்கியிருந்ததால், அரை நொடிக்கு ஒருமுறை அடிக்கும் அந்த ஒலி பொருந்தவில்லை. ஒலியை மென்பொருளில் பாதி வேகத்துக்கு இறக்கியபோது சுருதியும் இறங்கி, வேறு ஏதோ கனரக எந்திரம்போல் கேட்டது. தடித்த துணியில் தைக்கும்போது தையற்காரர் இயல்பாகவே மெதுவாக மிதிப்பார் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. மீண்டும் போய், கால்சட்டையின் இடுப்புப் பட்டையைத் தைக்கும்போது பதிவு செய்தார். ஒலி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பொருந்தாவிட்டாலும், நான்கு தையலுக்கு ஒருமுறை சேரும்படி வெட்டி அமைக்க முடிந்தது.

தலைப்பு அட்டையுடன் படம் 86 நொடி வந்தது. முதல் வரைவில் அவர் என் பெயரைத் தன் பெயருக்கு அருகில், இயக்கம் என்ற சொல்லின் கீழ் போட்டிருந்தார். நான் ஒரு படம்கூட வரையவில்லை, ஒரு ஷாட்டைக்கூட முடிவு செய்யவில்லை. மேலும், முதல் படத்துக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் விழாக்களில், அனுபவமுள்ள ஒருவர் உடன் இயக்குநராக இருந்தால் படம் அந்தப் பிரிவில் சேருமா என்ற கேள்வி எழும். விண்ணப்பத்தில் விளக்கம் எழுத வேண்டிய நிலை அவருக்குத்தான் வரும். இதை நான் அவருக்கு எழுதி அனுப்பிய பிறகு, நன்றி அட்டையில் தையற்காரரின் பெயருக்குக் கீழே 'ஆலோசனை' என்ற சொல்லுடன் என் பெயரை மாற்றி வைத்தார்.